கறுப்பு மாவு

டின்னின் அடியில் ஒட்டிக்கிடக்கும் மாவை எப்படி எடுப்பது என்று பேக்கரியில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். டின்னைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. மாஸ்டரும் அதைத்தான் செய்தார். என்ன, அவர் கையில் அப்போது இருந்தது மாவு டின் இல்லை. லேசர் பிரின்ட்டரின் டோனர் கார்ட்ரிட்ஜ்.

அதுவும் புதுசு இல்லை, தீர்ந்ததும் மறுபடி மைப்பொடி நிரப்பிய பழசு. பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் மூடி வைத்து அடைத்திருப்பார்கள். மெஷின் 'டோனரை மாற்று' என்று காட்டினாலும் உள்ளே இன்னும் கொஞ்சம் இருக்கும், தட்டினால் பத்திருபது பக்கம் தேறும் என்பது மாஸ்டரின் கணக்கு. தட்டினார். மூடி தெறித்தது. கொஞ்சம் என்று நினைத்தது கொஞ்சமாக இல்லை.

மேசை, நாற்காலி, தரை, சட்டையின் முன்பக்கம் எல்லாம் கறுப்பு. இருபது வருஷம் வெள்ளை மாவில் நின்ற மனிதர், கறுப்பு மாவில் நின்றார்.

தெருவில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பேக்கரியை விட்டு நாலு மாசமாகியும் பட்டம் போகவில்லை. வேலை மட்டும்தான் போனது. மாவுத்தூசி நெஞ்சில் சேர்ந்து, மூச்சு விடும்போது பழைய கதவு மாதிரி சத்தம் வர ஆரம்பித்ததும் டாக்டர் கையை விரித்துவிட்டார். "இனிமே மாவுப் பக்கமே போகாதீங்க. அடுத்த தடவை என்கிட்ட வர நேரம் இருக்காது" என்றார்.

அதன் பிறகுதான் மனைவியின் கடைக்கு வந்தார். கோர்ட்டுக்கு எதிர்வரிசையில், வீட்டின் முன்னறையையே கடையாக்கி அவள் நடத்திவரும் பிரின்ட்டிங் கடை. ஒரே மெஷின். பிரின்ட்டும் அதில்தான், நகலும் அதில்தான். வக்கீல்களுக்கு அவள் ஜெராக்ஸ் அக்கா. மாஸ்டர் வந்த பிறகு அவர் ஜெராக்ஸ் அக்கா வீட்டுக்காரர் ஆனார். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. காலையில் மகளுக்குத் தலை பின்னிவிட்டு, பத்தடி நடந்தால் வேலை. இப்படி ஒரு வாழ்க்கை இருக்கிறது என்றே அவருக்கு அதுவரை தெரியாது.

ஆனால் அவளுக்குப் பயம். போன வாரம்தான் பேச்சு முற்றியது.

"இதுவும் பொடிதானே? மாவு போய் மை வந்திருக்கு, அவ்வளவுதான். என் அண்ணன் குடோன்ல சூப்பர்வைசர் வேலை காலியா இருக்காம். பெட்டி பெட்டியா சாமான், தூசி கிடையாது. நீங்க அங்க போயிடுங்க."

"அது எட்டு மணி நேர பஸ் பயணம்."

"மாசம் ஒரு தடவை வாங்க."

"பாப்பா?"

"அப்பா உயிரோட இருக்கிறது பாப்பாவுக்கும் நல்லதுதான்" என்றாள் அவள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பியது எதற்கு என்று மாஸ்டருக்குத் தெரியும். அதனால்தான் எதிர்த்துப் பேச முடியவில்லை.

கடைசியில் ஒரு உடன்பாடு. இந்த மாசம் பார்ப்பது. ஒரு தடவை இழுப்பு வந்தாலும், ஒரு தடவை பொடியில் விளையாடினாலும், பெட்டியைக் கட்ட வேண்டியது. இன்றைக்கு மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகும்போதுகூட வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். "டோனர் தீர்ந்தா அலமாரியில புதுசு இருக்கு. சொல்லிக்கொடுத்த மாதிரி மாத்துங்க. உங்க பேக்கரி வித்தை எதையும் அதுகிட்ட காட்டாதீங்க."

பேக்கரி வித்தை இப்போது தரையெல்லாம் கிடந்தது.

மேசையில் வக்கீலம்மாவின் மனு, பாதி அச்சாகி நின்றது. தெருவிலேயே பெரிய வாடிக்கை அந்த அம்மாள். 'நாலு காப்பி, கவுன்ட்டர் மூடுறதுக்குள்ள தாக்கல் பண்ணணும், டீ குடிச்சிட்டு வந்திடறேன்' என்று போயிருந்தார். மாஸ்டரின் உடம்பு தானாகவே குனிந்தது. அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும்போது தரையில் மாவு கொட்டினால் நிற்பதா என்ன? அள்ளு, துடை, அடுத்த தட்டைப் போடு. இருபது வருஷப் பழக்கம் அது.

குனிந்தவர் பாதியில் நின்றார்.

மூக்கின் நுனியில் பொடி மணத்தது. மாவு மாதிரி இல்லை, வேறு மாதிரி. ஆனால் தொண்டையின் ஆழத்தில் அந்தப் பழைய கதவு ஒருமுறை அசைந்தது போல இருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஓடவில்லை. ஓடினால் காற்று கிளம்பும், காற்று கிளம்பினால் பொடி கிளம்பும். கதவோரம் இருந்த சுவிட்சில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாசலுக்கு வந்து, தெருவில் நின்றுதான் மூச்சை விட்டார். நாலைந்து மூச்சு. சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இல்லை. ஆனாலும் உள்ளே போகவில்லை. காற்றில் நிற்கும் பொடி அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

சட்டையை அங்கேயே மெதுவாகக் கழற்றி, கறுப்புப் பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி ஓரமாக வைத்தார். பட்டப்பகலில் கோர்ட்டுக்கு எதிரே பனியனோடு நிற்கும் மனிதரை இரண்டு குமாஸ்தாக்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் உள்பக்கம் மாடிப்படியில் காலடி கேட்டது. மாமியார்.

மாடியில் குடியிருக்கும் மாமியார் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை. கோபம் எல்லாம் இல்லை, மரியாதை. கல்யாணமான நாளிலிருந்து சுவரைப் பார்த்துத்தான் பேசுவார். மாப்பிள்ளைக்குச் சாப்பாடு வேண்டும் என்றால், "யாருக்காவது பசிச்சா தட்டு எடுத்து வச்சிருக்கு" என்று கதவிடம் சொல்வார். கதவு கேட்டதோ இல்லையோ, மாஸ்டர் கேட்டுக்கொள்வார்.

இப்போது உள்கதவைத் திறந்த மாமியார் கடையைப் பார்த்தார். ஒரு கையில் அவர் பெருமையோடு வைத்திருக்கும் வேக்குவம் கிளீனர். சத்தம் கேட்டதுமே எதற்கும் இருக்கட்டும் என்று தூக்கி வந்துவிட்டார். அவர் கண் நேராக ஜன்னலோர மேசைக்குப் போனது. அங்கே விரித்த செய்தித்தாளின் மேல், மெஷினிலிருந்து எடுத்த டிரம் கிடந்தது. டோனரைத் தாங்கும் பெட்டி அது. நடுவில் பச்சையாக, கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஓர் உருளை. பொடி முதலில் அந்த உருளையில் ஒட்டித்தான் காகிதத்துக்குப் போகும். 'டோனர் போனா போகுது. டிரம்தான் அம்மா இந்தக் கடைக்கு உயிர்' என்று தன் மகள் நூறு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறார்.

உயிரைக் காப்பாற்ற வேண்டாமா? வேக்குவத்தைக் கீழே வைத்துவிட்டு, பொடி படாத இடத்துக்குக் கொண்டுபோக டிரம்மை இரண்டு கையாலும் வாரித் தூக்கினார்.

"அத்தை, தொடாதீங்க!"

தெருவிலிருந்து வந்த சத்தத்தில் மாமியார் உறைந்தார். மாப்பிள்ளை அவரிடம் இவ்வளவு சத்தமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. பேசியது பனியனோடு வேறு.

"அப்படியே வச்சிடுங்க அத்தை. ஓரத்தைப் பிடிச்சு, மெதுவா. வச்சிட்டு அந்தப் பக்கமாவே வெளியில போயிடுங்க. மூச்சை இழுக்காதீங்க."

மாமியார் வைத்தார், போனார். கொஞ்ச நேரத்தில் வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருவாசலுக்கு வந்து, தபால் பெட்டியைப் பார்த்து, "நான் ஒண்ணும் கெடுக்க வரலை" என்றார்.

"தெரியும் அத்தை. அந்தப் பச்சை உருளையில விரல் பட்டா எண்ணெய் ஒட்டிக்கும். வெளிச்சமும் ஆகாது அதுக்கு. அதான் கத்திட்டேன். மன்னிச்சுக்குங்க."

"விரல் பட்டுச்சான்னு எனக்கே தெரியலையே" என்றார் மாமியார். குரல் உள்ளே போயிருந்தது.

மாஸ்டருக்கும் தெரியவில்லை. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் அவருக்கென்றே மனைவி வாங்கி வைத்திருந்த முகமூடி, மூக்கோடு இறுக்கி ஒட்டிக்கொள்ளும் தடித்த வகை. மறுபடி மூச்சைப் பிடித்துப் போய் அதை எடுத்து வந்து, வெளியே நின்று மாட்டிக்கொண்டு, கையுறையும் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்.

முதல் வேலையாக டிரம்மின் மேல் தடித்த கறுப்புத் துணி ஒன்றைப் போட்டு மூடினார். அடுத்து மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். வாய் திறந்து தரையில் கிடந்த கார்ட்ரிட்ஜை, ஓட்டை மேலே பார்க்கும்படி தூக்கி, பிளாஸ்டிக் பைக்குள் விட்டு முடிச்சுப் போட்டார்.

"வேக்குவத்தைப் போட்டா ஒரு நிமிஷத்துல இழுத்துடுமே" என்றார் வாசலில் மாமியார், தபால் பெட்டியிடம்.

"வேண்டாம் அத்தை. இது மாவை விட மெல்லிசு. உங்க வேக்குவத்துல முன்னால போய், வடிகட்டியைத் தாண்டி, பின்னால புகை மாதிரி வரும். அறை முழுக்கப் பரப்பிடும். உள்ள மோட்டார் பொறியில தீப்பிடிக்கவும் செய்யலாம்னு உங்க பொண்ணு சொல்லியிருக்கா."

"அய்யோ, அது என் தங்கச்சி கொடுத்தது" என்று மாமியார் பதறினார். பயம் வீட்டுக்கா வேக்குவத்துக்கா என்று தெரியவில்லை. "அப்ப துடைப்பம்?"

"அதுவும் கிளப்பிவிடும்."

"சரி, வெந்நீராவது கொண்டுவரேன். வெந்நீருக்குப் போகாத கறை உண்டா?"

மாஸ்டர் முகமூடிக்குள் சிரித்தார். ஆறு மாசம் முன்னால் அவரே வெந்நீர்தான் கேட்டிருப்பார். "இதுக்கு மட்டும் பச்சைத் தண்ணி அத்தை. இந்தப் பொடி சூட்டுல உருகுற சாதி. மெஷினுக்குள்ள ஒரு குட்டி அடுப்பே இருக்கு. அதுல சுட்டுத்தான் எழுத்தைக் காகிதத்துல ஒட்டுது. அதான் பக்கம் வரும்போது ரொட்டி மாதிரி சூடா வருது. வெந்நீரை ஊத்தினா தரையிலயே அச்சாயிடும்."

மாமியார் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரும் பழைய பருத்தித் துணிகளும் கொண்டுவந்து படியில் வைத்தார். வைத்துவிட்டு, உள்ளே காலை நீட்டாமல், கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார்.

மாஸ்டர் மேசையில் விரித்திருந்த தாள்களை விளிம்பிலிருந்து உள்ளே உள்ளே மடித்து, பொடியைப் பொட்டலமாகவே பைக்குள் இறக்கினார். துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, தரையில் தேய்க்காமல், போர்த்துவது போல வைத்து ஒற்றி எடுத்தார். அழுக்குப் பக்கத்தை மடித்து உள்ளே தள்ளி, சுத்தமான பக்கத்தால் மறுபடி. ஒரு துணி முழுக்கக் கறுத்ததும் பைக்குள். அடுத்த துணி. அவசரப்படவில்லை. சமையலறையில் சட்டியைத் தேய்ப்பது போல மாமியாரின் கை மட்டும் வாசலில் காற்றில் தேய்த்துக்கொண்டிருந்தது.

மெஷின் ஆறியதும் உள்ளே சிதறியிருந்த கொஞ்சநஞ்சத்தைக் காய்ந்த மெல்லிய துணியால் துடைத்தார். ஊதவில்லை. ஊதத்தான் வாய் வந்தது. முகமூடி காப்பாற்றியது.

பைகளைக் கட்டி வெளியே வைத்தார். ஜன்னலை அகலத் திறந்துவிட்டு மறுபடி கொஞ்ச நேரம் தெருவில் நின்றார். கையுறையைக் கழற்றி, குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவி, மாமியார் மாடியிலிருந்து எடுத்து வந்து கேட்டில் தொங்கவிட்டிருந்த வேறு சட்டையைப் போட்டுக்கொண்டார். இனி புது டோனர்.

கார்ட்ரிட்ஜை உறையிலிருந்து எடுத்து, படுத்தாற்போல் பிடித்து, குழந்தையைத் தாலாட்டுவது போல இரண்டு பக்கமும் மெதுவாக நாலைந்து தடவை ஆட்டினார். தட்டவில்லை. மேல்மூடியைக் கழற்றினார். துணியை விலக்கி, டிரம்மின் இரண்டு ஓரங்களை மட்டும் பிடித்து, கார்ட்ரிட்ஜை அதில் பொருத்தினார். 'டக்' என்றது. அடுத்து, டிரம்மின் மேல்பக்கம் இருக்கும் சின்னக் குமிழ். அதை இடமும் வலமும் ஓட்டினால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி சுத்தமாகும். பொடி இவ்வளவு பறந்த நாளில் கம்பியிலும் படிந்திருக்கும் என்று, இரண்டு மூன்று தடவை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், என் மனு வெந்துடுச்சா?"

வாசலில் வக்கீலம்மா. கறுப்புக் கோட்டு, கையில் காகிதக் கட்டு.

"இதோ, இதோ!" மாஸ்டர் டிரம்மை உள்ளே தள்ளி, மூடியை மூடி, பிளக்கைச் செருகினார். மெஷின் முனகி, சூடாகி, ஒரு பக்கத்தைத் தள்ளியது.

எழுத்து நல்ல கறுப்பு. ஆனால் பக்கத்தின் தலையிலிருந்து கால் வரை, நடுவாக, விரல் அகலத்தில் ஒரு கறுப்புப் பட்டை. மனுதாரரின் பெயரை இரண்டாக அறுத்துக்கொண்டு ஓடியது.

இன்னொரு பக்கம். அதே பட்டை. இன்னொன்று. அதே.

"இதைக் கொண்டுபோனா கவுன்ட்டர்ல என் தலையிலயே திருப்பி அடிப்பாங்க" என்றார் வக்கீலம்மா. கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த தெருவுல ஒரு கடை இருக்கில்ல? நான் வேணா..."

மாமியார் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "என் கைதான். என் கட்டைவிரல்தான். போச்சு. உயிரே போச்சு."

"அத்தை, சும்மா இருங்க. நான் தட்டினதுல வந்தது எல்லாம்."

"இல்லை மாப்ளே, நான் தூக்கினேன்."

அவர் நேராகத் தன்னைப் பார்த்துப் பேசுகிறார் என்பதையே மாஸ்டர் கவனிக்கவில்லை. ஏனென்றால் ஆட்டோ வந்து நின்றது. மகள் முதலில் குதித்தாள், ஒரு பக்கக் கன்னம் பஞ்சால் உப்பியிருந்தது. பின்னால் மனைவி.

அவள் கண் எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்த்தது. கட்டிவைத்த பைகள், சுருட்டிய சட்டை, வாளியில் கலங்கிய தண்ணீர், கழுத்தில் தொங்கும் முகமூடி. வக்கீலம்மாவைத் தாண்டி, அம்மாவைத் தாண்டி நேராக வந்து, புருஷனைத் திருப்பி நிறுத்தி, அவர் முதுகில் காதை வைத்தாள்.

"மூச்சு விடுங்க."

விட்டார்.

"நல்லா விடுங்க."

விட்டார். வக்கீலம்மாகூட மூச்சை நிறுத்தியிருந்தார்.

அவள் காதை எடுத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பாப்பா, பாட்டிகூட மாடிக்குப் போ."

"நான்தான்டி டிரம்மைத் தொட்டேன்" என்றார் மாமியார்.

"நான்தான் கார்ட்ரிட்ஜைத் தட்டினேன்" என்றார் மாஸ்டர்.

"ஒரு பொடிக்கு ரெண்டு குற்றவாளியா? எனக்குக் கேஸ் கிடைக்கும் போலிருக்கே" என்றார் வக்கீலம்மா. யாரும் சிரிக்கவில்லை. "சரி, என் மனு என்னாச்சு அதைச் சொல்லுங்க முதல்ல."

மனைவி பட்டை விழுந்த பக்கத்தைக் கையில் எடுத்தாள். டிரம் போய்விட்டது என்றே அவளும் நினைத்தாள். முகம் வெளுத்தது. புது டிரம் சொன்னால் கைக்கு வர இரண்டு நாள் ஆகும். அவள் மெதுவாகக் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். யாருக்கு என்று மாஸ்டருக்குத் தெரியும். டிரம் கம்பெனிக்கு இல்லை. அண்ணனுக்கு.

மாஸ்டர் அவளைத் தடுக்கவில்லை. அவள் கையிலிருந்த பக்கத்தை வாங்கிப் பார்த்தார். தலையிலிருந்து கால் வரை ஒரே சீரான பட்டை. எங்கும் விட்டுப் போகவில்லை.

"இது அத்தை விரல் இல்லை" என்றார் திடீரென்று.

"பெருந்தன்மை காட்டுற நேரமா இது?" என்றாள் அவள்.

"பெருந்தன்மை இல்லைம்மா, உருட்டுக்கட்டை. பேக்கரியில மாவு உருட்டுற கட்டை. அதுல ஒரு இடத்துல கீறல் இருந்தா, மாவுல கோடா விழாது. கட்டை ஒரு சுத்து சுத்தும்போது ஒரு தடம், அடுத்த சுத்துல அடுத்த தடம். விட்டு விட்டுத்தான் விழும். இந்தப் பச்சை உருளையும் அந்த மாதிரி சுத்துறதுதானே? விரல் பட்டிருந்தா, ஒரே இடைவெளியில புள்ளி புள்ளியா அழுக்கு வரணும். இது ஒரே கோடா வருது. அப்ப சுத்துற எதுலயும் தப்பில்லை. அசையாம ஒரே இடத்துல நிக்கிற ஏதோ ஒண்ணு."

அவள் போனைக் கீழே இறக்கினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"குமிழ்" என்றாள் அவள்.

"குமிழ்" என்றார் அவர்.

மூடியைத் திறந்து டிரம்மை வெளியே எடுத்தார், ஓரங்களைப் பிடித்து. கம்பியைச் சுத்தம் செய்யும் அந்தக் குமிழ், பாதி வழியில், சரியாகப் பட்டை விழுந்த நடு இடத்தில் நின்றுகொண்டிருந்தது. வக்கீலம்மாவின் குரல் கேட்டதும் மாஸ்டர் விட்ட இடம் அதுதான். ஓட்டி முடித்ததும் குமிழை ஓரத்தில் அம்புக்குறி போட்ட அதன் வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் அது நிற்கும் இடத்தில் கம்பியின் மின்சாரம் உருளைக்குப் போகாது. போகாத இடமெல்லாம் பொடி ஒட்டிக்கொண்டு கறுப்பாகும்.

மாஸ்டர் குமிழை ஓரம் வரை ஓட்டினார். இடத்தில் உட்கார்ந்ததும் விரலுக்கே தெரிந்தது. மெஷினில் வைத்தார், மூடினார்.

முதல் பக்கம் வந்தது. மனுதாரரின் பெயர் முழுசாக, வெள்ளைத் தாளில் நின்றது.

மாமியார் பாதிப் படியிலிருந்து இறங்கி வந்து அந்தத் தாளை வாங்கித் தன் கட்டைவிரலையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "கடவுளே" என்று மட்டும் சொன்னார்.

நாலு காப்பியும் அச்சாகும் வரை வக்கீலம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் கறுப்பாகிவிடுமோ என்ற சந்தேகம். கட்டு கைக்கு வந்ததும் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, "அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு ஜாமீன் கொடுத்துடுங்க. சாட்சி பலமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கோட்டைப் பறக்கவிட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார்.

கடையில் இருவர் மட்டும் இருந்தார்கள். மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

"மெஷின் சரியாயிடுச்சு" என்றாள் அவள்.

"ம்."

"நான் மெஷினைப் பத்திப் பேச வரலை."

"தெரியும்."

"பொடி கொட்டினப்ப முகமூடி போட்டிருந்தீங்களா?"

போட்டிருந்தேன் என்று சொல்லிவிடலாம். யாரும் பார்க்கவில்லை. மாமியார் வந்தது அதற்குப் பிறகுதான். மாஸ்டர் மேசையின் விளிம்பைப் பார்த்தார். துடைத்த பிறகும் மரத்தின் இடுக்கில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு இருந்தது.

"இல்லை. போடலை. தட்டும்போது வெறும் முகம்தான். நீ செய்யாதேன்னு சொன்னதைத்தான் செஞ்சேன்."

அவள் உதட்டைக் கடித்தாள். "அப்புறம்? அப்படியே மண்டி போட்டு அள்ள ஆரம்பிச்சீங்களா?"

"அள்ளத்தான் குனிஞ்சேன்."

"குனிஞ்சு?"

"எழுந்துட்டேன். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, ஃபேனை நிறுத்திட்டு, வெளியில போய் நின்னுட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். "வெளியிலயா? வக்கீலம்மா வேலை பாதியில நிக்கும்போதா?"

"ஆமா. பொடி அடங்கட்டும்னு நின்னேன்."

"நின்னாரு" என்றது மாடிப்படியிலிருந்து ஒரு குரல். மாமியார் போகவில்லை. "பனியனோட நடுத்தெருவுல நின்னாரு. என்னையும் உள்ள விடலை. நானே பார்த்தேன்."

"அம்மா, மேல போங்க."

காலடி இரண்டு படி ஏறி நின்றது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கறுப்பு ஒட்டுமா என்றுகூடப் பார்க்கவில்லை. பேக்கரியில் அவருடைய கடைசி நாள் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மாஸ்டருக்கும் வந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போதே, 'இந்த ஒரு அடுப்பு மட்டும் இறக்கிட்டு வந்திடறேன்' என்று அவர் நின்றதும், கடைசி ரொட்டித் தட்டோடு தரையில் விழுந்ததும், அவள் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்ததும்.

"அன்னைக்குப் போன்ல கூப்பிட்டேன். வெளியில வாங்க வாங்கன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்" என்றாள். "வரவே இல்லை நீங்க."

"வரலை."

"எனக்குப் பயம் பொடியைப் பத்தி இல்லை. பொடி இங்க எப்பவாவது கொட்டும். நானே துடைப்பேன். நீங்க வேலையைப் பாதியில விட்டுட்டு எழுந்து வர மாட்டீங்களேன்னுதான் பயம்."

வந்துவிட்டேன் என்று சொன்னால் பெருமையடிப்பது போல இருக்கும். மாஸ்டர் கழுத்தில் தொங்கிய முகமூடியைக் கழற்றிக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவள் போனை எடுத்தாள். இந்தத் தடவை தயங்காமல் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் அண்ணனின் குரல் அறை முழுக்கக் கேட்டது, குடோன் இரைச்சலோடு.

"என்னம்மா, மாப்பிள்ளை எப்ப கிளம்புறாரு? ரூம்கூடப் பார்த்து வச்சிட்டேன்."

"கிளம்பலைண்ணா. அந்த வேலையை வேற யாருக்காவது கொடுத்துடு."

"ஏன், தூசிக்குப் பயம்னு நீதானே குதிச்சே?"

"இப்பவும் பயம்தான்."

"அப்புறம்?"

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை. வேறு சட்டையில் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். காதுமடலில் மட்டும், துடைக்க மறந்த இடத்தில், கொஞ்சம் கறுப்பு.

"இவருக்கு வெளியில நிக்கத் தெரிஞ்சிடுச்சுண்ணா" என்றாள்.

"என்னது, வெளியில நிக்கவா? புரியலையே..."

"உனக்குப் புரிய வேண்டாம். வச்சிடறேன், வாடிக்கை வராங்க."

வாடிக்கை யாரும் வரவில்லை. அவள் எழுந்து, ஒரு துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அவர் காதைப் பிடித்துத் திருப்பினாள்.

"வலிக்குதுடி."

"வலிக்கட்டும். தட்டுவீங்களா இனிமே?"

"மாட்டேன்."

"சத்தமா சொல்லுங்க."

"தட்ட மாட்டேன்!"

மாடிப்படியில் மகள் சிரித்தாள், பஞ்சு வைத்த வாயோடு.